ஷெட்யூலிங் பாடத்தைக் கட்டம் போட்டு எழுதிப் பார்த்த ஒரு வருட அனுபவம்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் ஷெட்யூலிங், அதாவது சிபியூவை எந்த பிராசஸுக்கு எப்போது கொடுப்பது என்ற பாடம், நடத்தியபோது நான் எழுதி வைத்தது வெறும் வரையறைகள்தான். அப்புறம் ஒரு கணக்கைக் கொடுத்தால் கை ஓடவில்லை. அதனால் ஒவ்வொரு அல்காரிதத்தையும் ஒரே எடுத்துக்காட்டில் போட்டு, ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டம் என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் வரைய ஆரம்பித்தேன். ஒரு வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இதே ஷீட்தான்.

நான் வைத்திருக்கும் எடுத்துக்காட்டில் நான்கு பிராசஸ்கள். P1 0-வது நொடியில் வருகிறது, பர்ஸ்ட், அதாவது சிபியூவில் ஓட வேண்டிய நேரம், 6. P2 1-ல் வருகிறது, பர்ஸ்ட் 3. P3 2-ல், பர்ஸ்ட் 5. P4 4-ல், பர்ஸ்ட் 1. (இங்கே நொடி என்று எழுதுவதெல்லாம் ஒரு கட்டம்தான்.) மொத்தம் 15 கட்டம். கடைசியில் வரும் குட்டி P4 வேண்டுமென்றே வைத்தது, அது எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்கிறது என்பதில்தான் அல்காரிதங்களின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கீழே இருப்பது ஒவ்வொரு பிராசஸும் காத்திருந்த நேரம்.

| | P1 | P2 | P3 | P4 | சராசரி |
|---|---|---|---|---|---|
| வந்த வரிசை (FCFS) | 0 | 5 | 7 | 10 | 5.5 |
| குறைந்த பர்ஸ்ட் முதலில் (SJF) | 0 | 6 | 8 | 2 | 4 |
| குறைந்த மீதி முதலில் (SRTF) | 4 | 0 | 8 | 0 | 3 |
| ரவுண்ட் ராபின், குவாண்டம் 2 | 8 | 6 | 8 | 4 | 6.5 |

இந்த அட்டவணையில் எனக்கு முதலில் தப்பாக வந்தது மூன்றாவது வரி. P1 0-லேயே ஓடத் தொடங்கிவிட்டதே என்று காத்திருப்பு 0 போட்டேன், சராசரி 2 வந்தது. ஆனால் 1-ல் P2 வந்ததும் அதன் பர்ஸ்ட் 3, P1-க்கு மீதி 5, அதனால் P1 இறக்கிவிடப்பட்டு 5-வது நொடியில்தான் திரும்ப ஏறுகிறது. நடுவில் நின்ற அந்த 4-ம் காத்திருப்புதான். நான் கணக்கிட்டது ரெஸ்பான்ஸ் டைம், அதாவது வந்ததிலிருந்து முதல் முறை ஓடும்வரை ஆகும் நேரம். இப்போதெல்லாம் தொடக்க நேரத்தைப் பார்ப்பதே இல்லை, முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தையும் பர்ஸ்ட்டையும் கழிப்பேன். 10 − 0 − 6 = 4. இதே 5-வது நொடியில் P1, P3 இரண்டுக்கும் மீதி 5 என்று சமமாக நிற்கும். P3-ஐ முதலில் விட்டால் தனித்தனி எண்கள் மாறும், சராசரி 3-தான்.

ரவுண்ட் ராபினில் நிலைமை வேறு, அங்கே சமநிலை சராசரியையே மாற்றிவிடுகிறது. 2-வது நொடியில் P1-ன் குவாண்டம், அதாவது ஒரு முறைக்குக் கிடைக்கும் 2 கட்டம், முடிகிறது, அதே நொடியில் P3 வருகிறது. ரெடி க்யூவில் யார் முன்னால்? புதிதாக வந்தவரை முன்னால் நிறுத்தினால் சார்ட் இப்படி வரும், கீழ்வரி அந்தக் கட்டத்தில் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை:

```
P1 P1 P2 P2 P3 P3 P1 P1 P4 P2 P3 P3 P1 P1 P3
 0  1  2  2  3  3  3  3  3  2  1  1  1  1  0
```

P1-ஐ முன்னால் நிறுத்தினால் (4-வது நொடியில் P2, P4 விஷயத்திலும் அதே விதியைப் பிடித்தால்) காத்திருப்பு 6, 5, 8, 5 என்று மாறி, சராசரி 6 ஆகிவிடும். நானும் நண்பனும் ஒரே கணக்குக்கு வேறு வேறு விடை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க வாதாடினோம், இரண்டும் சரியான சார்ட்தான், பிடித்த விதி மட்டும் வேறு. அதனால் இப்போது சார்ட்டின் தலையிலேயே எந்த விதி என்று எழுதிவிடுகிறேன். விடைத்தாளிலும் அதை எழுதுவது நல்லது, வகுப்பில் எந்த விதி சொன்னார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

அந்தக் கீழ்வரிதான் இந்த முறையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். அதைக் கூட்டினால் 26 வரும், நான்கு பிராசஸ்களின் காத்திருப்பைக் கூட்டினாலும் 26. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிசகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் இதனால் பிடிபடாத தவறு ஒன்று உண்டு: தப்பான பிராசஸை ஏற்றியிருந்தால் இரண்டு கூட்டலும் சேர்ந்தே தப்பும். அதற்கு ஒவ்வொரு மாற்றத்திலும் க்யூவை முழுதாக எழுதித்தான் ஆக வேண்டும்.

காத்திருப்பை மட்டும் பார்த்தால் ரவுண்ட் ராபின் மோசம் என்று தோன்றும், நானும் பல வாரம் அப்படியே நம்பினேன். இப்போது பக்கத்திலேயே ரெஸ்பான்ஸ் டைமுக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறேன்: FCFS-ல் 5.5, SRTF-ல் 2, ரவுண்ட் ராபினில் 1.75. P3 கடைசியில் முடிந்தாலும் 4-வது நொடியிலேயே ஒரு முறை ஓடிவிடுகிறது, SRTF-ல் அதற்கு 10 வரை சிபியூவே கிடையாது.

இந்தக் கட்டங்களில் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் செலவு 0 என்று எடுத்துக்கொள்கிறோம், மேலே உள்ள ரவுண்ட் ராபின் சார்ட்டில் 8 முறை ஆள் மாறுகிறது, FCFS-ல் 3 முறைதான். பர்ஸ்ட்டும் முன்கூட்டியே தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம், நிஜ சிஸ்டத்தில் அதை முந்தைய பர்ஸ்ட்களிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டம் சேர்த்து இதே நான்கு பிராசஸ்களையும் திரும்ப வரைவதுதான் இந்த வாரத்து வேலை.