முதல் வழி, முதல் மாதம்: வாடிக்கையாளர் கணக்கோடு இரண்டு வருடம்

கும்பகோணத்தில் பித்தளை விளக்கு விற்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "எந்த வழியா வந்தவங்க திரும்பத் திரும்ப வாங்குறாங்கன்னு ஒரு கணக்கு வச்சிருக்கியே, அதை நானும் போடட்டுமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதே கணக்கை மூன்றாவது முறையாகப் பழுது பார்த்து அப்போதுதான் நிமிர்ந்திருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் மன்னார்குடிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, கருப்புக் கவுனி விற்கிறோம். ஆர்டர் போனிலும் வாட்ஸப்பிலும் வரும். கணக்கின் அடிப்படை சுலபம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முதலில் எந்த வழியாக வந்தார், எந்த மாதம் வந்தார் என்று இரண்டு விவரம் உண்டு. ஜாதகத்தில் பிறந்த ஊரும் நேரமும் மாதிரி, அது பிறகு மாறவே கூடாது. அப்புறம் ஒரே வழியில் ஒரே மாதத்தில் வந்தவர்களை ஒரு கூட்டமாக வைத்து, அவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று எண்ண வேண்டும். 5 கிலோ பை ஒரு வீட்டுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஓடும் என்பதால் நான் மூன்று மாதம் வரை பார்க்கிறேன். அடுத்த மாதமே பார்த்தால் எல்லோரும் ஓடிப்போனது போலத் தெரியும்.

மாறவே கூடாத அந்த முதல் வழி மாறிக்கொண்டே இருப்பதுதான் என் தீராத தலைவலி. முதலில் வைத்திருந்த பில் செயலியில் வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு 'வழி' கட்டம்தான். புது ஆர்டர் பதிந்தால் பழையது அழிந்துவிடும். எங்களிடம் யார் எப்படி வந்தாலும் இரண்டாவது ஆர்டரை வாட்ஸப்பில்தான் போடுவார்கள். ஆகவே திரும்ப வந்த எல்லோரும் வாட்ஸப் ஆள், வராதவர்கள் மட்டும் வீடியோ பார்த்து வந்த ஆள், தெரிந்தவர் சொல்லி வந்த ஆள் என்று நின்றது. அதை நம்பி நான்கு மாதம் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்காகவே படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கூகுள் ஷீட்டுக்கு மாறினேன். ஆர்டர் ஒவ்வொன்றும் ஒரு வரி: A-இல் தேதி, B-இல் போன் எண், C-இல் வழி. முதல் வழியை எடுக்க இதைப் போட்டிருந்தேன்:

```
=VLOOKUP(B2, B:C, 2, FALSE)
```

மேலிருந்து தேடி முதலில் கிடைக்கும் வரியைத்தான் இது எடுக்கும். பழைய ஆர்டர் மேலே இருக்கும்வரை சரி. போன மாதம் பேக்கிங் பார்க்கும் செல்வி அக்கா ஒரு பில்லைத் தேடுவதற்காகப் புதியதை மேலே கொண்டுவந்து வரிசையை மாற்றினார். அவர் மேல் தப்பில்லை, யாரும் செய்வதுதான். அந்த நொடியில் எல்லோருடைய முதல் வழியும் கடைசி வழியாக மாறிவிட்டது. பிழை என்று எதுவும் சிவப்பாகக் காட்டாது. ஒரு வருடத்துக்கு முந்தைய செப்டம்பரில் சொல்லி வந்தவர்கள் 15 பேர் என்று எனக்கு மனப்பாடம், அன்று 6 என்று காட்டியது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முடிந்துபோன மாதத்தின் ஆள் எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ கணக்கு கெட்டுவிட்டது என்று அர்த்தம். இதற்காகவே அந்த எண்களைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு திட்டினாலும் இது எனக்குக் காட்டிக்கொடுத்த ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. 2024 ஜனவரியில் ஒரு சமையல் வீடியோவில் எங்கள் அரிசி வந்தது, போன் ஓயவில்லை. அந்தச் சேனலில் அவ்வப்போது எங்கள் பெயர் வரும். வருடக் கடைசியில் ஜனவரி, செப்டம்பர் இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது வீடியோவில் வந்தவர்களில் ஆறில் ஒருவர்தான் திரும்பியிருந்தார். தெரிந்தவர் சொல்லி வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பியிருந்தார்கள். இனி வீடியோவே வேண்டாம் என்று முடிவுகட்டப் பார்த்தேன்.

மாதத்தைப் பிரித்ததும் கதை வேறாகிவிட்டது. ஜனவரியில் வீடியோ வழியாக வந்த 52 பேரில் 6 பேர் திரும்பினார்கள். அதே ஜனவரியில் சொல்லி வந்தவர்களிலும் 13 பேரில் 5 பேர்தான். செப்டம்பரில் வீடியோ 20-க்கு 6, சொல்லி வந்தவர்கள் 15-க்கு 9. பொங்கலுக்கு வாங்குகிறவர்கள் எந்த வழியாக வந்தாலும் அவ்வளவாகத் திரும்புவதில்லை. வீடியோ ஆட்களில் பெரும்பாலோர் ஜனவரியில் வந்துவிட்டதால் பொங்கலின் பாரமும் வீடியோ தலையில் ஏறியிருந்தது. எந்த மாதத்தில் பார்த்தாலும் சொல்லி வந்தவர்கள் மேலேதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் செப்டம்பர் கணக்கைப் பார்த்தால் வீடியோவைக் கைவிடத் தேவையில்லை. வழியையும் மாதத்தையும் சேர்த்துப் பிரிக்காமல் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஏன் பொங்கல் கூட்டம் திரும்பவில்லை என்று தெரிந்துகொள்ள அந்த 52 பேரில் சிலரைக் கூப்பிட்டேன். திருவாரூரில் ஒரு அம்மா சொன்னார்: "எனக்கில்லைங்க தம்பி, பொண்ணுக்குப் பொங்கல் சீர் கொடுத்தேன். அவதான் இப்ப உங்ககிட்ட வாங்கிட்டிருக்காளே." தேடினால், சீர் போன அதே முகவரியில் மகள் தன் எண்ணில் மூன்று முறை வாங்கியிருக்கிறார். என் கணக்கில் அம்மா திரும்பாதவர். மகள் 'சொல்லி வந்த' புது ஆள். போன் எண்ணை ஆளாக வைத்தால் இது நடக்கும். முகவரியை ஒப்பிட்டதில் இப்படி நான்கு வீடு கிடைத்தது. அன்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அடுத்த ஜனவரியில், செத்தது என்று நினைத்த அந்தக் கூட்டத்தில் 11 பேர் மறுபடி சீருக்கு வாங்கினார்கள். மூன்று மாதக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள்.

சின்னக் கூட்டத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் சந்தித்து வாங்கியவர்கள் எங்களுக்கு 11 பேர். அதில் 7 பேர் திரும்பினார்கள் என்று நான் துள்ளியதுண்டு. இரண்டு பேர் வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் பாதிக்கும் கீழே.

இப்போது செய்திருக்கும் பழுது இதுதான். வாடிக்கையாளருக்கென்று தனித் தாள், ஆளுக்கு ஒரு வரி. முதல் வழியும் முதல் தேதியும் சூத்திரமாக இல்லாமல் `Ctrl+Shift+V` கொடுத்து வெறும் மதிப்பாக ஒட்டி, அந்தப் பத்தியைப் பூட்டிவிட்டேன். எண்கள் +91 என்றும் 0 என்றும் விதவிதமாக இருந்தால் ஒரே ஆள் இரண்டாகிவிடுவார், அதற்கு இது:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(B2),"\D",""),10)
```

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், வேண்டாம். குத்துவிளக்கு வாங்கியவர் மூன்று மாதத்தில் இன்னொன்று வாங்க மாட்டார். அவருடைய தாளில் ஐந்து வருடம் போனாலும் பெரும்பாலும் காலிக் கட்டம்தான் இருக்கும். கோபத்தில் எனக்கே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவர், "அப்ப எதுக்குப் பூட்டி வச்சிருக்கே?" என்றார். பதில் சொல்வதற்குள் இன்னொரு லைனில் ஆர்டர் வந்தது. விலை சொல்லும் முன்பே செல்வி அக்கா கேட்டார், "யாரு சொல்லி வந்தீங்கம்மா?" சம்பந்தி வீட்டில் சாப்பிட்டார்களாம். எழுதிக்கொண்டோம்.