எஸ்டேட் காபி என்று மலையில் வாங்குகிறவர்களுக்கு: நைசாக அரைத்தால் இன்ஸ்டன்ட் ஆகிவிடாது

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது காபிப் பொடி வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. நல்ல பொடி கொடுக்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. நான் போய் மாட்டியது வேறு மாதிரி கடை. கடைப் பெயர் இங்கே வேண்டாம், புகார் கொடுத்த இடத்தில் இருக்கிறது. அங்கே விற்ற விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சை மற்ற மலை ஊர்களிலும் கேட்கலாம்.

வாங்கியது இரண்டு. ஒன்று, "சிக்கரியே கலக்காத எஸ்டேட் ஃபில்டர் பொடி", அரை கிலோ 600 ரூபாய். இன்னொன்று "எஸ்டேட் இன்ஸ்டன்ட்", 200 கிராம் 500 ரூபாய். இரண்டும் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் கவர், வாயில் மெழுகுவர்த்தியில் ஒட்டியது. ஒரே கொட்டையில் இருந்து இரண்டு எப்படி என்று கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "அதையே இன்னும் நைசா அரைச்சா இன்ஸ்டன்ட் சார். பால்ல போட்டா அப்படியே கரைஞ்சிடும்."

கரையவில்லை. வீட்டில் அம்மா சூடான பாலில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கியதும் மேலே நுரையோடு கறுப்பாகப் பொடி சுற்றியது, டம்ளர் அடியில் ஒரு விரல்கடை மண்டி. "என்னடா இது, வாயெல்லாம் மண்ணா இருக்கு" என்று கீழே வைத்துவிட்டார்.

காபிக் கொட்டையை முகப் பவுடர் அளவுக்கு அரைத்தாலும் அது கரையாது. வறுத்த கொட்டையில் கரையக்கூடிய சரக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் நார். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி நாம் இறக்கும் டிகாஷனில் வருவது அதிலும் ஒரு பகுதி. பொடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலே நல்ல டிகாஷன். மற்றதெல்லாம் சக்கை.

இன்ஸ்டன்ட் என்பது காய்ந்த டிகாஷன், அவ்வளவுதான். தொழிற்சாலையில் வறுத்துக் கொரகொரப்பாக அரைத்த கொட்டையை உயரமான உருளைகளில் அடைத்து, அழுத்தத்தில் வைத்த வெந்நீரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டுவார்கள். அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 170 டிகிரி தாண்டியும் கொதித்து ஆவியாகாது. அந்தச் சூட்டில் வீட்டு ஃபில்டரில் ஒருநாளும் கரையாத மாவுப் பொருள்களும் உடைந்து கரைந்து வரும். இறங்கிய சாற்றைச் சுண்டவைத்து, உயரமான கோபுரத்துக்குள் மேலிருந்து துளித்துளியாகத் தெளிப்பார்கள். உள்ளே அடிக்கும் சூடான காற்றில் துளிகள் விழுவதற்குள் காய்ந்து பொடியாகிவிடும். கொஞ்சம் விலை கூடியது வேறு முறை. சாற்றை மைனஸ் 40 டிகிரி அளவுக்கு உறையவைத்து, உடைத்து, வெற்றிடத்தில் வைத்தால் பனி தண்ணீராகாமலே ஆவியாகப் போகும், மிஞ்சுவது கற்கண்டு உடைத்தது போன்ற துண்டுகள். இந்த இயந்திரங்களில் எதுவும் மலைப்பாதைக் கடையின் பின்கட்டில் இருக்க வாய்ப்பில்லை.

ருசி மாறுவதும் இங்கேதான். காபியின் மணம் என்பது லேசான சூட்டிலேயே பறந்துபோகும் எண்ணெய்களும் ஆவிகளும். சுண்டவைக்கும்போதே பாதி போய்விடும். சில நிறுவனங்கள் அதைப் பிடித்து வைத்துக் கடைசியில் திரும்பச் சேர்க்கின்றன, புது பாட்டிலைத் திறந்ததும் குப்பென்று வருவது அதுதான். அதிகச் சூட்டில் பிழிந்த சாற்றுக்கு மரக்கட்டை மாதிரி ஒரு கசப்பும் வந்துவிடும். கொட்டையும் பெரும்பாலும் ரொபஸ்டா வகை, அராபிகா வகையைவிட மலிவு, சாறு அதிகம். ஃபில்டரில் கொதித்த தண்ணீர் தன் பாட்டுக்குச் சொட்டி இறங்குவதால் மணம் டிகாஷனிலேயே நிற்கிறது. ஆனால் அரைத்த பொடி இரண்டு வாரத்தில் மணம் இழக்கும், இன்ஸ்டன்ட் காற்றுப் புகாமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

விலைக் கணக்கில்தான் பலரை மடக்குகிறார்கள். ஒரு கிலோ இன்ஸ்டன்டுக்குச் சுமார் இரண்டரை கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். அதனால் கிலோ விலை கூடுதலாக இருப்பது நியாயம். அந்த நியாயத்தைக் காட்டித்தான் கடைக்காரர் என்னிடம் கிலோவுக்கு 2,500 ரூபாய் கணக்கில் வாங்கினார். உண்மையான இன்ஸ்டன்ட் அந்த விலையானாலும் ஒரு டம்ளருக்கு 2 கிராம், 5 ரூபாய். கிலோ 1,200 ரூபாய் ஃபில்டர் பொடி டம்ளருக்கு 10 கிராம் பிடிக்கும், 12 ரூபாய். கிலோவுக்கு விலை கூடியது டம்ளருக்கு மலிவு. ஆனால் எனக்குக் கொடுத்தது இரண்டரை கிலோ கொட்டையின் சாறு அல்ல, மில்லில் இன்னொரு சுற்று விட்ட பொடி. ஒரு சுற்று அரைத்ததற்குக் கிலோவுக்கு 1,300 ரூபாய் கூலி.

சரி, ஃபில்டர் பொடியாவது தேறுமா என்று பார்த்தேன். டிகாஷன் தார் மாதிரி கறுப்பு, சொட்டுவதற்கு அரை நாள். மணமே இல்லை, நாக்கில் ஒரு இனிப்புக் கசப்பு. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவினேன். காபித் துகளில் எண்ணெயும் வாயுவும் இருப்பதால் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி உடனே தண்ணீர் குடித்து, பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். இதில் கோடு கோடாக இறங்கியது. மிக நைசான பொடியும் சீக்கிரம் முங்கும் என்பதால் இதை மட்டும் நம்பவில்லை.

அடுத்தது சக்கையை நிறுத்துப் பார்த்தேன். வழக்கமாக வாங்கும் கடையின் கலப்பில்லாத பொடி 20 கிராம், மலைப் பொடி 20 கிராம், இரண்டையும் ஃபில்டரில் இரண்டு தடவை இறக்கி, சக்கையைத் தட்டில் பரப்பி மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்தேன். முதலாவது பதினைந்தரை கிராம் நின்றது. மலைப் பொடி 10 கிராம். சிக்கரி ஒரு கிழங்கு வேர், வறுத்தால் அதில் முக்கால்வாசி தண்ணீரில் கரைந்துவிடும். சக்கை இவ்வளவு குறைந்தால் உள்ளே பாதிக்கு மேல் சிக்கரி என்றுதான் கணக்கு வருகிறது. வீட்டுத் தராசுக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் காஃபின் அளவைப் பார்ப்பார்கள், சிக்கரியில் காஃபின் கிடையாது.

சிக்கரி கலப்பது குற்றமல்ல, நம்மில் பலருக்கு அந்தக் கெட்டி டிகாஷன் பிடிக்கும். ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று கவரில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரிய நிறுவனங்களின் பாட்டிலிலும் சின்ன எழுத்தில் "இன்ஸ்டன்ட் காபி சிக்கரி கலவை" என்று போட்டுச் சதவீதம் இருக்கும். ஃபில்டர் காபி படத்தைப் போட்ட இன்ஸ்டன்ட் பாக்கெட்டுகளை வாங்குகிறவர்கள் அந்த வரியைக் கட்டாயம் தேடுங்கள். சிக்கரி பாதி இருக்கும் பாக்கெட்டைத் தூய இன்ஸ்டன்ட் விலையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "உங்க ஊர்த் தண்ணி உப்பு சார்" என்றார். பில்லில் "தூள் 1,100" என்று மட்டும் இருக்கிறது, எந்தத் தூள் என்றுகூட இல்லை. அதையும் மீதிப் பொடியையும் கவரோடு வைத்து உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே கடையில் வாங்கியவர்கள் இருந்தால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். இனி வாங்கப் போகிறவர்கள் வறுத்த கொட்டையாகக் கேளுங்கள், அல்லது கண் முன்னால் அரைத்து, "சிக்கரி 0" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.