பாட்டிலுக்குள் நல்ல எண்ணெய், பாட்டிலின் மேல் எரிச்சல்

"மூணு பாட்டிலும் சூரியகாந்திதானே, அப்புறம் எதுக்கு மூணு வாங்குற?" என்று நண்பன் கேட்டான். வாயால் சொன்ன பதில் நீண்டுபோனதால் எழுதிவிடுகிறேன். மூன்றையும் ஒரே அடுப்பில், ஒரே வாணலியில் மாறி மாறிப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று கோல்டு பிரஸ்டு. இன்னொன்று சாதாரண ரிஃபைண்ட். மூன்றாவதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: பச்சை இலைப் படம் போட்டு, 'எக்ஸ்பெல்லர் பிரஸ்டு, ஹை ஒலிக், கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று விற்கும் பாட்டில்.

கோல்டு பிரஸ்டை முதலில் முடித்துவிடுகிறேன். மணம் அருமை, தாளிக்கவும் மேலே ஊற்றிக்கொள்ளவும் அதற்கு ஈடில்லை. ஆனால் பொரிக்க 175 டிகிரி வேண்டும். வாணலியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 150-ஐத் தாண்டியதுமே மெல்லிய புகை வருகிறது, உருளைக்கிழங்கைப் போட்டால் நுரை பொங்குகிறது. இதற்காக அந்த நிறுவனத்தைத் திட்ட முடியாது. பிழிந்ததும் வடிகட்டியதோடு நிறுத்திவிடுவதால் விதையிலிருந்த கொழகொழப்பான பாஸ்ஃபோலிப்பிட், ஈரம், தனித்த கொழுப்பமிலங்கள் எல்லாம் எண்ணெயிலேயே இருக்கின்றன. எண்ணெய் எந்தச் சூட்டில் புகைய ஆரம்பிக்கும் என்ற புகைநிலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தத் தனித்த அமிலங்கள்தான். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலையே கோல்டு பிரஸ்டுக்கு, தனித்த அமிலத்தின் அளவைக் காட்டும் அமில எண் 4 வரை இடம் தருகிறது, ரிஃபைண்டுக்கு 0.6தான். அதனால் ரிஃபைண்ட் 220 டிகிரியைத் தாண்டியும் புகையாமல் நிற்பதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த 220 புது எண்ணெய்க்கு மட்டும்தான். பொரித்த எண்ணெயை எடுத்துவைத்து மறுபடி காய்ச்சினால் அமிலம் ஏறியிருக்கும், புகை முன்னாலேயே வரும்.

சரி, இலை பாட்டிலுக்கு வருகிறேன். இதன் எண்ணெய் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. சாதாரண ரிஃபைண்டில் பொரித்தால் வாணலியின் விளிம்பில் மஞ்சளாக, பிசின்போல ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். சாதாரண சூரியகாந்தியில் அதிகம் இருக்கும் லினோலிக் அமிலம் சூட்டில் காற்றோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் வருவது அது. ஹை ஒலிக் என்றால் ஒலிக் அமிலம் குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். அது அவ்வளவு சீக்கிரம் கெடாது. இந்த பாட்டிலுக்கு மாறியதும் படலம் மிகவும் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் புகைநிலை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். புகைநிலையை மட்டும் வைத்து எண்ணெய் வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அப்படியிருக்க, சொல்லத் தகுந்த ஒரே விஷயமான 'ஹை ஒலிக்'கை ஓரமாகத் தள்ளிவிட்டு 'எக்ஸ்பெல்லர் பிரஸ்டு' என்பதை ஏன் இவ்வளவு பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள்? எக்ஸ்பெல்லர் என்பது திருகு அழுத்தி, அவ்வளவுதான். உராய்விலேயே சூடாகும், அதனால் இது கோல்டு பிரஸ்டுக்குச் சமமில்லை. ஹெக்சேன் கரைப்பான் போட்டு எடுக்கவில்லை என்ற அளவுக்குத்தான் இந்தச் சொல் உத்தரவாதம். பிழிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பாட்டிலைத் திறந்து பாருங்கள்: வெளிறிய நிறம், மணமே கிடையாது, அடியில் கசடும் இல்லை. பிழிந்தபடியே அடைத்த சூரியகாந்தி எண்ணெய் இப்படி இருக்காது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய்' என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதாவது பசை நீக்கி, அமிலம் நீக்கி, களிமண்ணால் வெளுத்து, வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி மணம் போக்கியது. அதில் தப்பில்லை, பொரிக்க எனக்கு வேண்டியதே அதுதான். பிறகு எதற்கு அந்த இலை?

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதைப் பற்றிப் பேசவே எரிச்சலாக இருக்கிறது. தாவர எண்ணெய் எதிலும் கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. மலிவான பாட்டிலும் இதையே எழுதிக்கொள்ளலாம், எழுதியும் இருக்கிறார்கள். இன்னொரு பாட்டிலில் 'பிசிகல் ரிஃபைண்ட்' என்று பார்த்தேன். அமிலத்தைக் காரம் போட்டு நீக்காமல் நீராவியால் நீக்கியது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். விதையிலிருந்து எடுக்கும்போது கரைப்பான் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

நண்பனிடம் இலை பாட்டிலையே வாங்கச் சொல்லிவிட்டேன், பொரிப்பதற்கு மூன்றிலும் அதுதான் மேல். நான் இனி வாங்க மாட்டேன். 'ஹை ஒலிக், ரிஃபைண்ட்' என்று முன்பக்கத்திலேயே நேராக எழுதியிருக்கும் பாட்டில் ஒன்று எங்காவது கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை, விளிம்பில் பிசின் ஒட்டினாலும் பரவாயில்லை, அந்தச் சாதாரண ரிஃபைண்டே போதும்.