கேஸ் மாத்திரையிலயே ஓட்டுறதா, கிருமியைத் தேடி ஒழிக்கிறதா? வயித்துப்புண்ணுக்கு ரெண்டு வழி

வயித்துப்புண்ணுன்னு சந்தேகம் வந்தா நம்ம ஆளுங்க போற வழி ரெண்டு. பான்டாப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை மட்டும் போட்டு ஆத்துறது ஒண்ணு. எண்டோஸ்கோப்பி பண்ணி, ஹெச். பைலோரி கிருமி இருக்கான்னு பாத்து, இருந்தா ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் எடுக்கிறது இன்னொண்ணு. நான் எடுத்தது ரெண்டாவது, அதனால என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

மொதல் வழியில செலவு கம்மி, தொண்டைக்குள்ள டியூப் விடுற வேலை இல்ல, சில நாள்லயே எரிச்சல் அடங்கிடும். காலைல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டு, 4லருந்து 8 வாரம் தொடர்ந்தா பெரும்பாலான புண்ணு ஆறியே போயிடும். இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

பிரச்சினை ஆறுனதுக்கு அப்புறம்தான். திரும்பி வருமா வராதாங்கறதை வச்சுத்தான் நான் முடிவே எடுத்தேன். கிருமியால வந்த புண்ணை அது உள்ள இருக்கும்போதே ஆத்திட்டு மாத்திரையை நிறுத்தினா, பாதிக்கு மேல ஆளுங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வந்துடுது, கிருமியை ஒழிச்சவங்களுக்கு அது ரொம்ப அரிது. காரணம் எளிசு, இந்தக் கிருமி யூரியேஸ்னு ஒரு நொதியை வச்சு யூரியாவை அம்மோனியாவா மாத்தி தன்னைச் சுத்தி அமிலத்தை மட்டுப்படுத்திக்கிட்டு, வயித்தோட சளிப்படலத்துக்குள்ள வருஷக்கணக்கா உக்காந்திருக்கும், அமிலத்தைக் குறைச்சா புண்ணு ஆறுமே தவிர கிருமி போகாது. டென்ஷனாலயும் காரத்தாலயும்தான் புண்ணு வருதுன்னு டாக்டர்களே நம்பிக்கிட்டிருந்த காலத்துல, ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல் 1984ல இந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவச்சுக் காட்டுனாரு, 2005ல அவருக்கும் அவரோட சேந்து ஆராய்ச்சி பண்ணின ராபின் வாரனுக்கும் நோபல் கிடைச்சுது.

எனக்கு நடுராத்திரில மேல்வயித்துல எரிச்சல் வரும், ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டா அடங்கும். வெறும் வயித்துல வலிச்சு சாப்பிட்டா குறையறது பெரும்பாலும் சிறுகுடல் ஆரம்பத்துல வர்ற புண்ணு, சாப்பிட்டதும் வலிக்கிறது இரைப்பைப் புண்ணா இருக்கலாம்னு சொல்வாங்க, ஆனா இதை வச்சு உறுதியா பிரிக்க முடியாது. எண்டோஸ்கோப்பில துளியூண்டு சதையை எடுத்து யூரியா இருக்கிற மஞ்சள் கிட்ல போட்டாங்க, கொஞ்ச நேரத்துல அது பிங்க்கா மாறிடுச்சு, கிருமி இருக்குன்னு அர்த்தம்.

இங்க ஒரு சிக்கல். அமில மாத்திரை போட்டுக்கிட்டே டெஸ்ட் எடுத்தா கிருமி இருந்தும் இல்லைன்னு வர வாய்ப்பு உண்டு. அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும், ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தா 4 வாரம் இடைவெளி விடணும். மொதல் வழியை மாசக்கணக்கா ஓட்டிட்டு நேரா டெஸ்ட்டுக்குப் போறவங்க இதுலதான் ஏமாறுறாங்க.

கோர்ஸ் சொகுசா இருக்கும்னு சொல்ல மாட்டேன். எனக்கு 14 நாளும் ரெண்டு வேளை அமில மாத்திரையோட அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின். வாயெல்லாம் கசப்பு, வயிறு லூஸ். பாதில விட்டா கிருமிக்கு மருந்து பழகிப்போக வழி ஆயிடும்னு முழுசா முடிச்சேன். கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமி இப்ப பல ஊர்ல பெருகிடுச்சுன்னு பிஸ்மத் சேர்த்த நாலு மருந்து கோர்ஸையே நிறைய பேருக்குக் குடுக்கிறாங்க, அதை நான் எடுத்ததில்ல, எப்படி இருக்கும்னு அனுபவமா சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் முடிச்சு 4 வாரமாவது கழிச்சு மூச்சு டெஸ்ட்டோ மல டெஸ்ட்டோ எடுத்து கிருமி போயிடுச்சான்னு பாக்கணும். ரத்த டெஸ்ட் இதுக்கு உதவாது, கிருமி செத்த பிறகும் அதுல பாசிட்டிவ்னே காட்டும்.

மொதல் வழி ஜெயிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென்னு விழுங்குறவங்களுக்கு. வயித்துச் சுவரைக் காக்கிற புரோஸ்டாகிளாண்டினை இந்த மாத்திரைங்க குறைச்சிடும், அது ரத்தம் வழியா நடக்கிறதால ஊசியா போட்டாலும் தப்பிக்க முடியாது. இவங்களுக்கு கிருமி இல்லைன்னா பெயின்கில்லரை நிறுத்தி அமில மாத்திரை எடுத்தாலே ஆறிடும், வலிக்கு பாரசிட்டமால் ஒத்து வருமான்னு கேட்டுப் பாக்கலாம். ஆனா கிருமியும் சேந்து இருந்தா ஆபத்து கூடும்கறதால டெஸ்ட் இவங்களுக்கும் வேணும். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கிறவங்க மட்டும் தானா நிறுத்தக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும்.

பெயின்கில்லர் புண்ணு பல சமயம் வலிக்கவே வலிக்காது, வெளிய தெரியறப்பவே மலம் தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, நாத்தமா போகும். இரும்புச்சத்து மாத்திரை, பிஸ்மத் எடுத்தாலும் கறுப்பாகும்தான், ஆனா தார் மாதிரி போறதோட தலைசுத்தல், ரத்த வாந்தி ஏதாவது சேந்தா எந்த வழின்னு யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.