காதுகுத்து நடக்கும்போதே வெளியூர்ச் சொந்தங்களுக்குச் செய்தி: சில வருஷ அனுபவம்

எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், வர முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் உடனுக்குடன் செய்தி போடுவது சில வருஷங்களாக என் பொறுப்பு. ஆரம்பத்தில் வீடியோ காலைத்தான் நம்பினோம். அது சரிப்படவில்லை. போனைப் பிடித்திருப்பவர் சடங்கை ஒழுங்காகப் பார்க்க முடியாது. மேளச் சத்தத்தில் அந்தப் பக்கம் எதுவும் கேட்காது. துபாய்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் எடுபடாது. எழுத்து, படம், குரல் பதிவு மட்டும் தாராளமாகப் போகும். அதனால் நாங்களும் அந்த மூன்றுக்கே வந்து சேர்ந்தோம்.

அண்ணன் மகளின் காதுகுத்தைச் சொன்னால் எப்படிச் செய்கிறோம் என்பது புரியும். சாத்தூர் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து. பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய மூத்த தாய்மாமன் துபாயில். லீவு கிடைக்கவில்லை. இளைய மாமாதான் மடியில் வைத்துக்கொள்வதாக முடிவு.

முந்தின நாள் ராத்திரியே குரூப்பில் ஒரு செய்தி போட்டேன்: "நாளை காலை 9.30க்கு மொட்டை, 10 மணிக்குக் காதுகுத்து. துபாயில் 8, 8.30. சிங்கப்பூரில் 12, 12.30." நேரத்தை அவரவர் ஊர்க் கணக்கில் கொடுத்துவிட்டால், வேலைக்கு நடுவே எப்போது போனைப் பார்ப்பது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கோயில் கரிசல்காட்டுக்கு நடுவே இருக்கிறது. டவர் ஒரு கோடு வரும், போகும். இந்த மாதிரி இடத்தில் படத்தை முதலில் அனுப்பினால் அது ஏறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் எழுத்து, படம் அப்புறம். செய்திக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி நின்றால் அது இன்னும் நம் போனைவிட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் குழப்பம் வராதபடி ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரத்தை எழுதிவிடுவேன்.

"9.10. மாமா சீர்த்தட்டு வந்தாச்சு. உங்க பேரைச் சொல்லித்தான் முதல் தட்டை இறக்கினாங்க."
"9.40. மொட்டை முடிந்தது. அழவே இல்லை. சந்தனம் தடவுறாங்க."
"10.05. சின்ன மாமா மடியில் உட்கார்ந்தாச்சு. ஆசாரி கம்பியைத் துடைக்கிறார்."

அடுத்தது எழுத்து இல்லை, ஒரு சின்னக் குரல் பதிவு. வலது காதில் குத்தியதும் பிள்ளை வீறிட்ட சத்தம், பெண்களின் குலவை, "முடிஞ்சிருச்சு தாயி, முடிஞ்சிருச்சு" என்ற அப்பத்தாவின் குரல், எல்லாம் அதில் இருந்தன. துபாய் மச்சான் அதற்குத்தான் முதலில் பதில் போட்டார்: "நான் அங்க இருந்திருந்தா அழ விட்டிருக்க மாட்டேன்." சத்தத்துக்கு ஈடாகப் படம் எதுவும் வராது என்பது என் அனுபவம்.

படத்துக்கு மட்டும் ஒரு வேலை கூடுதலாக உண்டு. சிங்கப்பூர் அத்தை ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சு. அவர் பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாம் இப்போது மீசை வைத்திருக்கிறார்கள். வெறும் படத்தை அனுப்பினால், "இது யாரு, அது யாரு" என்று நாள் முழுக்கக் கேட்பார். அதனால் படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாக முறையோடு எழுதிவிடுவேன்: "பெரியப்பா, மேலவீட்டு மாமா, அவர் மூத்த மகன், பக்கத்தில் அவன் சம்சாரம்." ஒரே மூச்சில் நாற்பது படம் கொட்டுவதைவிட, இப்படி ஏழெட்டுப் படம் போட்டால் போதும்.

பெரிய தலைவலி வாழ்த்துமழை. ஒரு செய்தி போட்டதும் கும்பிடும் கையும் பூங்கொத்துமாக வந்து குவியும். காதுகுத்துச் செய்தி எங்கோ மேலே போய்விடும், பின்னால் வந்து பார்ப்பவர் தேடியே அலுத்துவிடுவார். இப்போது ஒவ்வொரு விசேஷத்துக்கும் அட்மின் மட்டும் செய்தி போடும்படி தனி குரூப் வைக்கிறோம். வாழ்த்தும் அரட்டையும் பழைய குடும்ப குரூப்பில். அட்மின் இரண்டு பேர்: நானும், சடங்கில் நிற்க வேண்டியிராத ஒரு ஒன்றுவிட்ட தங்கையும். என் போனில் சார்ஜ் தீர்ந்தாலோ, என்னைப் பந்திக்குக் கூப்பிட்டாலோ அவள் தொடர்வாள்.

சிலவற்றைப் போடவே மாட்டேன். யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், யார் வரவில்லை, பந்தியில் எந்தக் கறி தீர்ந்துபோனது என்பதெல்லாம் குரூப்புக்கு வந்தால் சண்டையில்தான் முடியும். துக்கம் நடந்த வீட்டாரைச் சேர்க்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். அந்தக் காதுகுத்தின்போது ஒரு சித்தி, "குரூப் வேண்டாம்ப்பா, பிள்ளை படம் மட்டும் எனக்குத் தனியா அனுப்பு" என்றார். மொட்டைத் தலையும் புதுத் தோடுமாக ஒரு படம் அனுப்பினேன்.