பொது மின்னஞ்சலுக்கா, தள மேலாளருக்கா?

விளம்பரமே வராத கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதினால், கடிதம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வள்ளியூரில் எங்கள் அக்கா மகன், எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவன், காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றுக்கு இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தான்.

முதல் கடிதம் மனிதவளத் துறையின் பொது மின்னஞ்சலுக்கு. ‘தகுதிக்கேற்ற ஏதாவது வேலை’ என்று கேட்டிருந்தான். அங்கே இருப்பவர்கள் காலிப் பணியிடத்தோடு ஆளைப் பொருத்திப் பார்ப்பவர்கள். இடமே இல்லாதபோது எதோடு பொருத்துவார்கள்? தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது கடிதம் ராதாபுரம் பக்கத் தளத்தின் பராமரிப்பு மேலாளர் பெயருக்கு, பிப்ரவரியில். இங்கே காற்று சீசன் மே மாத வாக்கில் தொடங்கும். அதற்குள் பராமரிப்பை முடித்தாக வேண்டும், ஆள் போதவில்லை என்பது மேலாளருக்குத்தான் முதலில் தெரியும். முதல் வரியிலேயே அதைத் தொட்டான். அப்புறம் பயிற்சியில் கன்ட்ரோல் பேனல் பழுது பார்த்ததையும், மார்ச் முதல் வர முடியும் என்பதையும் எழுதினான். கடைசியில் வேலை கேட்கவில்லை, பத்து நிமிடம் பேச நேரம் கேட்டான். பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். போன் வந்தது, சீசன் முடியும்வரை ஒப்பந்த வேலை.

ஆனால் மேலாளர் பெயரைக் கண்டுபிடிக்க அலையணும். பெரிய கம்பெனி என்றால் அவரே கடிதத்தை மனிதவளத்துக்குத் தள்ளிவிடலாம். சரி, தள்ளினாலும் அது மேலாளர் அனுப்பிய கடிதமாகத்தான் அங்கே போய்ச் சேரும்.