முறுக்குக்கு எது: பிளாஸ்டிக் போத்தலா, அலுமினியப் பையா?

வட்ஸ்அப்பில் முறுக்கு ஓடர் எடுக்கத் தொடங்கியபோது நான் மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில்தான் அனுப்பினேன். "உள்ளே இருக்கிறது தெரிஞ்சாத்தானே வாங்குவாங்க" என்றாள் மச்சாள். அது உண்மைதான், படத்திலும் அழகாக இருக்கும். ஆனால் திருகோணமலை வெயிலில் அந்தக் கண்ணாடித் தெளிவே வினையாகிவிடும். பொரித்த பண்டத்து எண்ணெயை வெளிச்சமும் காற்றும் சேர்ந்துதான் காறச் செய்கின்றன. போத்தலுக்குள் வெளிச்சம் தடையில்லாமல் போகிறது, முறுக்கின் இடுக்குகளிலெல்லாம் காற்றும் நிற்கிறது.

உள்ளே அலுமினியத் தகடு ஒட்டிய பையில் வெளிச்சம், காற்று, ஈரம் மூன்றும் அநேகமாக வெளியே நின்றுவிடும். குறை என்னவென்றால் முறுக்கு நொறுங்கும், வாய் ஒட்டும் இயந்திரமும் வேண்டும். ஒட்டும் இடத்தில் மாவுத்தூளோ எண்ணெயோ இருந்தால் பார்வைக்கு ஒட்டியிருக்கும், ஆனால் காற்று போகும். ஒவ்வொரு முறையும் ஒரு பையைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை. சூடு ஆறாமல் அடைத்தால் உள்ளே வியர்த்து, எந்தப் பையானாலும் நமுத்துவிடும்.

சாதாரண சிப் பை மலிவு. அது ஈரத்தை ஓரளவு தாங்கும், காற்றை விட்டுவிடும். கையில் கொடுத்து அந்த வாரமே தின்கிறவர்களுக்கு அது போதும்.

சரி, லேபலில் எத்தனை நாள் போடுவது? ஒரே நாளில் பொரித்ததைப் போத்தலிலும் அலுமினியப் பையிலும் அடைத்து, வீட்டு அலுமாரியிலேயே வைத்து, வாரம் ஒன்றாகத் திறந்து மணந்து, கடித்துப் பார்த்து எழுதினேன். போத்தல் ஐந்தாம் வாரம் காறல் மணம் காட்டியது, பை ஒன்பதாம் வாரம். அதனால் போத்தலுக்கு மூன்று வாரம், பைக்கு ஆறு வாரம் என்று போட்டேன். அடைத்த நாளிலிருந்து அல்ல, பொரித்த நாளிலிருந்து எண்ணுகிறேன். கார்த்திகை மழையில் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிறை, சேர்மானங்கள் (அதிகமானது முதலில்), என் பெயர், முகவரி, தொகுதி இலக்கம் எல்லாம் லேபலில் இருக்க வேண்டும். தொகுதி இலக்கத்தை வெறும் திகதியாகப் போட்டுவிடாதீர்கள். 0811-2 என்றால் நவம்பர் எட்டாம் திகதி, இரண்டாம் சட்டி. கொப்பியில் அதற்கு நேரே எண்ணெய் போத்தல் எது, மா பைக்கற்று எது, எத்தனை பொதி, யாருக்குப் போனது என்று இருக்கும்.

ஒருமுறை வவுனியாவிலிருந்து ஒருவர் காறல் என்று லேபல் படம் அனுப்பினார். 0811-2 என்றிருந்தது. கொப்பியைத் திறந்தால் அந்தச் சட்டி மட்டும் பழைய எண்ணெயில் போட்டது. பதினான்கு பொதி, ஒன்பது பேர். மற்றச் சட்டி வாங்கியவர்களை நான் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது தூர ஓடர் எல்லாம் பையில்தான் போகிறது. மச்சாளின் ஆசைக்கு, உள்ளூர்க்காரருக்கு மட்டும் போத்தல். ஒரே சட்டி முறுக்குக்கு இரண்டு காலாவதித் திகதி.